நூறு யென்னுக்கு எத்தனை ரூபாய்: கீழக்கரையில் ஒரு நீண்ட வேலையின் கணக்கு

கீழக்கரையில் படகு வரைபடங்கள் தயாரித்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் கணக்குகளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பங்குதாரர் இருவர். மூத்தவர் துபாயில் ஒரு படகுத் தளத்தில் வரைவாளராக இருந்து ஊர் திரும்பியவர். இளையவர் அவருடைய சின்னம்மா மகன், கணினி படித்தவர். வரைவாளர்கள் நால்வர். 2022-ஆம் ஆண்டு ஜப்பானிய வாடிக்கையாளர் ஒருவருக்காக இவர்கள் செய்த வேலை எதிர்பார்த்த தரத்தில் முடிந்தது, பணமும் ஒரு யென் குறையாமல் வந்து சேர்ந்தது; ஆனாலும் கணக்கில் எழுதி வைத்த லாபத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. அது எப்படிப் போயிற்று என்பதைப் பங்குதாரர்களின் சம்மதத்துடன், பெயர்களை விட்டுவிட்டு, இங்கே பதிவு செய்கிறேன்.

வேலை இதுதான். கண்ணாடியிழைப் படகுகள் கட்டும் ஒரு சிறு தளம், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் வரைந்த தன் படகு வரைபடங்களை முப்பரிமாணக் கணினி வரைபடங்களாக மாற்றித் தரக் கேட்டது. ஸ்கேன் செய்து அனுப்பப்பட்ட தாள்கள் காலப்போக்கில் சுருங்கியிருந்தன. அதனால் படகின் உடல்வளைவைக் காட்டும் கோடுகளைத் தாளில் உள்ளபடியே கணினியில் இட்டால் முன்பக்கத் தோற்றத்தில் ஒரு வளைவும் மேற்பக்கத் தோற்றத்தில் வேறொரு வளைவும் கிடைத்தன. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த அளவுகளை வைத்து ஒவ்வொரு வளைவையும் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. எட்டு மாத வேலை என்று மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடு இரண்டு நாள் மட்டுமே பிசகியது. அந்த இரண்டு நாளின் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

விலை சொன்ன விதம்

வாடிக்கையாளர் யென்னில்தான் விலை கேட்டார். இவர்களும் தயங்கவில்லை. 2022 ஜனவரித் தொடக்கத்தில் இளையவர் இணையத்தில் பார்த்தபோது நூறு யென்னுக்கு 64 ரூபாய் 50 காசு என்று இருந்தது. யென்னுக்கான விகிதத்தை இந்தியாவில் நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்றே குறிப்பது வழக்கம். அந்த விகிதத்தில் 60 லட்சம் யென் என்பது 38,70,000 ரூபாய். செலவு 32,00,000 ரூபாய் என்று திட்டமிட்டார்கள்: வரைவாளர் சம்பளமும் பங்குதாரர்கள் மாதாமாதம் எடுக்கும் தொகையும் சேர்ந்து 24,00,000, மென்பொருள் வாடகை மாதம் 750 டாலர் வீதம் எட்டு மாதத்துக்கு 4,47,000, வாடகை, மின்சாரம், ஜெனரேட்டர் டீசல் உள்ளிட்ட மற்றவை 3,53,000. மிச்சம் 6,70,000 ரூபாய் லாபம்.

இந்தக் கணக்கில் தொடக்கத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது. இணையத்தில் தெரியும் விகிதம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள சந்தை விகிதம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை ரூபாயாக்கும்போது வங்கி தருவது அதன் வாங்கும் விகிதம், அது எப்போதும் சற்றுக் கீழேயே இருக்கும். டாலருக்கு இந்த இடைவெளி குறைவு; யென்னைப் பெரும்பாலும் டாலர் வழியாகக் கணக்கிட்டே ரூபாய்க்குக் கொண்டுவருவதால் இடைவெளி கூடுதல். இந்த வேலையின் நான்கு தவணைகளிலும் அது நூறு யென்னுக்கு ஏறத்தாழ 60 காசாக இருந்தது. 60 லட்சம் யென்னுக்கு அது சுமார் 36,000 ரூபாய். யென் அசையாமல் நின்றிருந்தாலும் இந்தப் பணம் போயிருக்கும்.

ஆனால் இருவரும் விகிதத்தைப் பற்றிக் கவலைப்படாததற்குக் காரணம் வேறு, அது இந்த ஊரின் அனுபவத்திலேயே இருக்கிறது. கீழக்கரையில் வளைகுடாப் பணம் தெரியாத வீடு அரிது. திர்ஹமும் ரியாலும் அங்கே வருடா வருடம் ரூபாய்க்கு எதிராக ஏறியதைத்தான் மக்கள் பார்த்திருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் டாலரோடு கட்டப்பட்டவை. ஆகவே ஊர் பார்த்தது டாலரின் ஏற்றத்தை மட்டுமே. அதிலிருந்து, வெளிநாட்டுப் பணத்தில் விலை சொன்னால் காலம் போகப்போக நமக்குக் கூடத்தான் செய்யும் என்ற நம்பிக்கை ஒரு விதியைப் போலவே மனத்தில் படிந்துவிடுகிறது. யென் எந்த நாணயத்தோடும் கட்டப்பட்டதல்ல.

எட்டு மாதத்தில் நடந்தது

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. நவம்பர்த் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ பூஜ்யத்திலிருந்து 4 விழுக்காட்டை எட்டியது. ஜப்பானிய மத்திய வங்கியோ தன் குறுகிய கால வட்டியை மைனஸ் 0.1 விழுக்காட்டிலும், பத்தாண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி 0.25 விழுக்காட்டைத் தாண்டாத அளவிலும் பிடித்து வைத்திருந்தது. பணம் வட்டி கிடைக்கும் பக்கம் போயிற்று. ஜனவரியில் டாலருக்கு 115 யென் என்றிருந்தது அக்டோபர் 20 அன்று 150-ஐத் தாண்டியது, 1990-க்குப் பிறகு முதல் முறையாக. அதே காலத்தில் ரூபாயும் டாலருக்கு எதிராக 74-இலிருந்து 83-ஐ நெருங்கியது.

இங்கேதான் இருவரும் ஏமாந்தார்கள். ஏப்ரலிலிருந்தே நாளிதழ்களில் 'ரூபாய் வீழ்ச்சி' என்ற தலைப்புதான். அதைப் படித்தவர்கள், ரூபாய் விழுந்தால் வெளிநாட்டிலிருந்து பணம் வரும் நமக்கு ஆதாயம் என்று எண்ணிக்கொண்டார்கள். டாலருக்கு எதிராக ரூபாய் விழுந்தது உண்மை. யென் அதைவிட வேகமாக விழுந்துகொண்டிருந்ததால், யென்னுக்கு எதிராக ரூபாய் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு டாலர் விகிதங்களையும் ஒன்றால் மற்றொன்றை வகுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: ஜனவரியில் 74.5-ஐ 115-ஆல் வகுத்தால் நூறு யென்னுக்கு ஏறத்தாழ 64.8, அக்டோபர் இறுதியில் 82.5-ஐ 148-ஆல் வகுத்தால் 55.7. இந்த ஒரு வகுத்தலை மாதம் ஒரு முறை செய்பவர் அந்த அலுவலகத்தில் யாரும் இருக்கவில்லை, நானும் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் செய்தேன்.

பணம் வந்த நாள்களும் இதை மோசமாக்கின. ஜப்பானிய நிறுவனங்களில் பரவலாக உள்ள வழக்கப்படி, ஒரு மாதத்தில் வந்த பில்களை அந்த மாத இறுதியில் மூடி, அடுத்த மாத இறுதியில் பணம் அனுப்புவார்கள். மாதத்தின் 30-ஆம் தேதி பில் கொடுத்தால் ஒரு மாதத்தில் பணம். 2-ஆம் தேதி கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மாதம். எட்டு மாத வேலைக்கான பணம் பத்து மாதத்தில் வந்து முடிந்தது இதனால்தான்.

ஜனவரி இறுதியில் வந்த முன்பணம் 12 லட்சம் யென், வங்கி 64.10 தந்தது, 7,69,200 ரூபாய். ஏப்ரல் இறுதியில் 15 லட்சம் யென் 58.10 வீதம் 8,71,500 ஆயிற்று. ஜூலை இறுதியில் யென் சற்றே நிமிர்ந்திருந்ததால் அடுத்த 15 லட்சம் 58.80 வீதம் 8,82,000. கடைசித் தவணையான 18 லட்சத்துக்கு அக்டோபர் இறுதியில் கிடைத்தது 55.00 மட்டுமே, 9,90,000 ரூபாய். மொத்தம் 35,12,700. எதிர்பார்த்ததைவிட 3,57,300 குறைவு.

அந்த இரண்டு நாள் இங்கே வருகிறது. கடைசித் தொகுப்பு ஆகஸ்ட் 31-க்குள் போயிருக்க வேண்டியது; ஒரு படகின் பின்பகுதி வளைவைத் திருத்துவதில் செப்டம்பர் 2 ஆகிவிட்டது. பில் செப்டம்பர் மாதக் கணக்கில் விழுந்து, செப்டம்பர் இறுதியில் வர வேண்டிய பணம் அக்டோபர் இறுதிக்குப் போயிற்று. இடைப்பட்ட ஒரு மாதத்தில் நூறு யென்னுக்குச் சுமார் 70 காசு கழிந்தது. 18 லட்சம் யென்னுக்கு அது 12,600 ரூபாய். செப்டம்பர் 22 அன்று ஜப்பானிய அரசு 1998-க்குப் பிறகு முதல் முறையாகச் சந்தையில் யென்னை வாங்கித் தாங்கியபோது, தாமதமும் நல்லதுக்குத்தான், இனி ஏறும் என்று இளையவர் சொன்னதாக நினைவு.

செலவுப் பக்கத்தில் மென்பொருள் வாடகை டாலரில் இருந்ததால் அது ஏறியது. இதை இரட்டை அடி என்று பெரிதாகச் சொல்லத் தோன்றும். கணக்கில் அது 18,000 ரூபாய்தான். ஆக லாபம் 6,70,000-க்குப் பதிலாக 2,94,700. விற்பனைத் தொகை ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்றே மேல் குறைந்தது. லாபம் 56 விழுக்காடு குறைந்தது. சம்பளமும் வாடகையும் ரூபாயில் அசையாமல் நிற்பதால், விகிதத்தில் ஏற்படும் இழப்பு முழுவதும் லாபத்தின் தலையில்தான் விழுகிறது.

நடுவில் கேட்டதும், கிடைத்த பதிலும்

ஏப்ரல் பணம் வந்தபோது மூத்தவருக்கு உறைத்தது. மே மாதம் ஒரு கடிதம் எழுதி, மீதி இரண்டு தவணைகளுக்கு விலையைச் சற்று உயர்த்தித் தர முடியுமா என்று கேட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வாடிக்கையாளரைக் குறை சொல்வதற்கில்லை. யென் விழுந்ததால் இறக்குமதியாகும் பிசினும் கண்ணாடியிழையும் அவர்களுக்கும் விலை ஏறியிருக்கும். யென்னில் ஒப்புக்கொண்ட தொகைக்கு உள்ளே ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. கையெழுத்துப் போடும் முன் கேட்டிருந்தால் அது பேரம். பாதியில் கேட்டபோது அது கோரிக்கையாகிவிட்டது.

அடுத்து, யென்னை ரூபாயாக்காமல் வைத்திருக்கலாமா என்று யோசித்தார்கள். ஏற்றுமதி செய்பவர்கள் வங்கியில் இ.இ.எஃப்.சி. என்னும் அந்நியச் செலாவணிக் கணக்கு தொடங்கி, வந்த நாணயத்திலேயே வைக்கலாம். ஆனால் அந்தக் கணக்கிற்கு வட்டி இல்லை. ஒரு மாதத்தில் சேர்ந்த தொகையை, அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கோ, பிந்தைய தேதிக்கு விகிதத்தை முன்பே பேசி எழுதிய ஃபார்வர்ட் ஒப்பந்தங்களுக்கோ போக மிச்சத்தை, அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும் என்பது அப்போது இருந்த விதி. இவர்கள் விஷயத்தில் ஏப்ரல் பணத்தை மே இறுதி வரை வைத்திருந்தால் லாபம், சந்தை விகிதம் அப்போது 60-ஐத் தாண்டியிருந்தது. ஜூலைப் பணத்தை ஆகஸ்ட் இறுதி வரை வைத்திருந்தால் நட்டம், 57-ஐ ஒட்டி வந்துவிட்டது. அக்டோபர்ப் பணத்தை வைத்திருந்தால் நவம்பர் இறுதியில் நூறு யென்னுக்கு மூன்று ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். மூன்றில் இரண்டு நன்மையாக முடிந்திருக்கும் என்பதற்காக இதை ஒரு வழி என்று நான் சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் பந்தயம்தான் இது, எட்டு மாதத்துக்கு முன் சொன்ன விலையை இது காக்காது.

செய்திருக்கக் கூடியது

ஜனவரியிலேயே ஃபார்வர்ட் ஒப்பந்தம் செய்திருக்கலாம். இன்ன மாத இறுதியில் இத்தனை யென் தருகிறேன், இந்த விகிதத்தில் எடுத்துக்கொள் என்று வங்கியுடன் இன்றே எழுதிக்கொள்வது அது. பல சிறு ஏற்றுமதியாளர்கள் இதைக் காப்பீடு போல ஒரு செலவாக எண்ணுகிறார்கள். யென் விஷயத்தில் கணக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஃபார்வர்ட் விகிதம் எதிர்காலத்தைப் பற்றிய ஊகத்தால் அமைவதில்லை, இரு நாட்டு வட்டி விகிதங்களின் வித்தியாசத்தால் அமைகிறது. ஜப்பானில் வட்டி பூஜ்யத்தை ஒட்டியும் இந்தியாவில் அதைவிடப் பல விழுக்காடு மேலேயும் இருந்ததால், பிந்தைய மாதத்துக்கான யென், இன்றைய யென்னைவிடக் கூடுதலான ரூபாய்க்குத்தான் எழுதப்படும். யென்னை விற்கப் போகிறவருக்கு அந்த வித்தியாசம் வரவு.

அந்த வரவை வங்கி தன் லாபமாக முழுவதும் எடுத்துக்கொண்டது என்றே வைத்து, மூன்று தவணைகளுக்கும் 64 மட்டுமே கிடைத்திருக்கும் என்று கணக்கிடுவோம். 48 லட்சம் யென்னுக்கு 30,72,000. முன்பணத்தோடு சேர்த்தால் 38,41,200. இழப்பு 3,57,300 அல்ல, 28,800.

இதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஃபார்வர்ட் எழுத, முன்பே ஒப்புதலான ஒரு கடன் வரம்போ, வைப்புத்தொகையாக ஒரு மார்ஜினோ வேண்டும் என்று வங்கி கேட்கும். சம்பளத்துக்கே மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கும் நிறுவனத்துக்கு அது எளிதல்ல. பக்கத்துக் கிளையில் அந்நியச் செலாவணி மேசை இருப்பதில்லை. கோப்பு பெரிய ஊர்க் கிளைக்குப் போய்வர நாளாகும். இரண்டாவது தடை இன்னும் முக்கியமானது. ஒப்பந்தம் செய்தபின் வாடிக்கையாளர் வேலையை நிறுத்திவிட்டால், கையில் இல்லாத யென்னைச் சந்தை விலைக்கு வாங்கித்தான் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். யென் ஏறியிருந்தால் அது நட்டம். ஆகவே முழுத் தொகைக்கும் எழுதாமல், உறுதியாக வரும் என்று நம்பும் தவணைகளுக்கு மட்டும், பணம் வரும் நாளைச் சற்றுத் தாராளமாக வைத்து எழுதுவதே நடைமுறை. ஆகஸ்ட் 31 செப்டம்பர் 2 ஆனதைப் போல நடந்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியிருக்கும், அதற்கும் கட்டணம் உண்டு.

வங்கி வழி அடைத்துவிட்டால் மிஞ்சுவது ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதுவது. அதற்கு யாரும் மறுக்க முடியாத ஒரு அடிப்படை விகிதம் வேண்டும். ஃபினான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் வேலை நாள்தோறும் டாலர், பவுண்டு, யூரோ, யென் உள்ளிட்ட நாணயங்களுக்கு வெளியிடும் குறிப்பு விகிதம் அதற்குப் போதும். அந்த விகிதம் விலை சொன்ன நாளிலிருந்து 5 விழுக்காட்டுக்குள் ஏறினாலும் இறங்கினாலும் அவரவர் பொறுப்பு, அதற்கு மேல் போனால் அதிகப்படியானதில் பாதிப்பாதி என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைசித் தவணைக்கு மட்டும் பார்க்கிறேன். 64.50-இல் 5 விழுக்காடு கழித்தால் 61.28. அக்டோபர் இறுதியில் 55.60. இடைவெளி 5.68, பாதி 2.84, 18 லட்சம் யென்னுக்கு 51,000 ரூபாய்க்குச் சற்று மேல். முழு நட்டமும் திரும்பாது. ஏறினால் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் எதிர்த்தரப்பு இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு இருக்கிறது.

அடுத்த வேலை

அதே வாடிக்கையாளர் 2022 நவம்பர் நடுவில், மேலும் சில படகுகளுக்காக 20 லட்சம் யென் அளவில் ஒரு வேலை கொடுத்தார். சந்தை விகிதம் அன்று 58-ஐ ஒட்டி இருந்தது. இம்முறை 57 என்று வைத்து ரூபாய்க் கணக்கைப் போட்டார்கள், விலை 30 நாள் மட்டுமே செல்லும் என்று எழுதினார்கள், பாதிப்பாதி விதியையும் கேட்டார்கள். விதியை வாடிக்கையாளர் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகப் பாதித் தொகையை முன்பணமாகத் தரச் சம்மதித்தார். எனக்குத் தெரிந்தவரை அது விதியைவிட நல்லது. வந்து சேர்ந்துவிட்ட பணத்தை எந்த விகிதமும் தொட முடியாது. மீதி 10 லட்சம் யென்னுக்கு மார்ச் இறுதிக்கு 59.20 வீதம் ஃபார்வர்ட் எழுதினார்கள், அதற்காக ஒரு சிறு வைப்புத்தொகையை வங்கியில் கட்டி வைத்தார்கள்.

யென் அதன் பிறகு ஏறியது. ஜனவரி நடுவில் 63-ஐத் தொட்டது. மார்ச் 31 அன்று குறிப்பு விகிதம் 61.80. ஃபார்வர்ட் இல்லாமல் இருந்திருந்தால் வங்கி 61.20 தந்திருக்கும், நூறு யென்னுக்கு இரண்டு ரூபாய், மொத்தம் 20,000 ரூபாய் கைவிட்டுப் போயிற்று.

"காக்கா, போன தடவை போடாம போச்சு, இந்தத் தடவை போட்டுப் போச்சு," என்றார் இளையவர்.

மூத்தவர் கொட்டேஷன் தாளை எடுத்து, 57 என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "நாம லாபம் வச்சது இதுல. இதுக்கு மேல வந்தது ரெண்டு ரூவா இருவது காசு. மறந்துறாதே." பிறகு என் பக்கம் திரும்பி, கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வெளிநாட்டு வேலைக்கும் மூன்று விகிதங்களை எழுத இடம் விடச் சொன்னார்: விலை சொன்ன நாளில் வைத்தது, மாதக் கடைசியில் இருப்பது, வங்கி கொடுத்தது. நடுவில் உள்ள கட்டத்தை நிரப்புவது இளையவரின் வேலை. இதை எழுதும் இன்று காலை வரை அந்தப் பத்தியில் ஒரு மாதமும் விட்டுப்போகவில்லை.